சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளா, டேட்டாவும் கடத்தும் கேபிளா? எதை எதற்கு வைத்துக்கொள்வது, எப்படி அடையாளம் காண்பது

இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டை லேப்டாப்பில் செருகியதும் அதன் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் அதற்குப் புரோகிராம் ஏற்றும் Arduino IDE-யில் போர்ட் பட்டியல் காலியாக இருக்கிறது. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வார்கள், கடைசியில் போர்டே போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்குவார்கள். விளக்குதான் எரிகிறதே என்பதால் கேபிள்மேல் சந்தேகம் வருவதில்லை. காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோ திரை வராமல் போன் சார்ஜ் மட்டும் ஆவதும், போனில் உள்ள படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாமல் திணறுவதும் பல நேரங்களில் இதே கோளாறுதான். விளக்கு எரிய இரண்டு ஒயர் போதும், பேச்சு நடக்க நான்கு வேண்டும்.

உள்ளே இருக்கும் வித்தியாசம்

சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளை வெட்டிப் பார்த்தால் நான்கு ஒயர்கள் இருக்கும். சிவப்பில் 5 வோல்ட் வரும், கறுப்பு கிரவுண்டு. வெள்ளையும் பச்சையும் டேட்டாவுக்கு: வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி வைத்திருப்பார்கள். மலிவான கேபிள்களில் நிறங்கள் மாறியிருக்கலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா ஒயர்கள் இரண்டும் இருக்காது. வெளியே பிளக், நீளம், உறை எல்லாம் ஒரே மாதிரிதான்.

டேட்டா ஒயர் இல்லாவிட்டால் படம் மாற்ற முடியாது, சார்ஜுக்கு ஒன்றும் பாதிப்பில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சார்ஜரால் எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்று போன் தெரிந்துகொள்வதே அந்த இரண்டு ஒயர்கள் வழியாகத்தான். சுவரில் மாட்டும் பழைய வகை சார்ஜருக்குள் டி பிளஸ்ஸையும் டி மைனஸ்ஸையும் ஒன்றாக இணைத்து வைத்திருப்பார்கள். போன் அதைப் பார்த்துவிட்டு, 'இது கம்ப்யூட்டர் இல்லை, சார்ஜர்' என்று முடிவு செய்து 1.5 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு ஒயர் கேபிளில் போனுக்கு அந்த இணைப்பு தெரியாது. எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாததால் பல போன்கள் 500 மில்லி ஆம்பியர் அளவிலேயே நின்றுவிடும்.

குவிக் சார்ஜ் 2.0, 3.0 வகை வேகச் சார்ஜிங்கில் இழப்பு இன்னும் பெரிது. 9 வோல்ட் கொடு என்று போன் கேட்பது டேட்டா ஒயர்களில்தான். அவை இல்லையென்றால் சார்ஜர் 5 வோல்ட்டைத் தாண்டாது. 9 வோல்ட், 2 ஆம்பியரில் 18 வாட் வாங்கியிருக்க வேண்டிய போன், 5 வோல்ட், அரை ஆம்பியரில் 2.5 வாட் வாங்கிக்கொண்டிருக்கும். சார்ஜர் நல்லது, போன் நல்லது, ஆனாலும் இரவெல்லாம் ஏறுகிறது என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இதைச் சமாளிக்கச் சில தயாரிப்பாளர்கள் சார்ஜ் கேபிளின் போன் முனையிலேயே டேட்டா பின்கள் இரண்டையும் இணைத்துவிடுகிறார்கள். அப்போது போன் எதில் செருகினாலும் அதைச் சார்ஜர் என்றே நினைக்கும். சுவர்ச் சார்ஜரில் இது உதவி. பழைய லேப்டாப்பில் உபத்திரவம். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தருவதற்கென்று அமைந்தது. போன் அதனிடம் 1.5 ஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் இறங்கும், அல்லது லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ள அந்தப் போர்ட்டையே அணைத்துவிடும்.

சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளுக்கு எங்கே நியாயமான இடம்

டிரிம்மர், மேசை விளக்கு, கையடக்க மின்விசிறி, ப்ளூடூத் இயர்போன் பெட்டி போன்றவற்றுக்கு டேட்டாவே தேவையில்லை. அவற்றோடு வரும் 20, 30 சென்டிமீட்டர் குட்டைக் கேபிள்களில் கணிசமானவை இரண்டு ஒயர் கேபிள்கள்தான். தாமிரம் மிச்சம், விலை குறைவு. அந்தப் பொருளோடு இருக்கும்வரை அதில் குறையேதும் இல்லை. வீட்டில் மற்ற கேபிள்களோடு கலந்துவிடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இன்னொரு இடம் பொது இடத்துச் சார்ஜிங் போர்ட். ரயில் நிலையத்திலோ விமான நிலையத்திலோ சுவரில் இருக்கும் யுஎஸ்பி ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டேட்டா ஒயரே இல்லாத கேபிளில் யாராலும் போனுக்குள் நுழைய முடியாது. ஆனால் இதற்காகவே ஒரு கேபிள் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆண்ட்ராய்டு 6-லிருந்து போன்கள் கம்ப்யூட்டரில் செருகினாலும் முதலில் சார்ஜ் நிலையிலேயே இருக்கும். ஐபோன், அந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று கேட்கும். உங்கள் சொந்தச் சார்ஜரை மூன்று பின் சாக்கெட்டில் மாட்டுவதே இதைவிட எளிது, வேகமாகவும் ஏறும்.

மூன்றாவதாகச் சொல்லப்படும் காரணம் தடிமன். டேட்டா ஒயரை எடுத்துவிட்டால் அதே உறைக்குள் தடித்த மின் ஒயரைப் போடலாம், அதனால் வேகமாகச் சார்ஜ் ஆகும் என்பது வாதம். போடலாம் என்பது உண்மை. போடுகிறார்களா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் தடிமனின் அருமை புரியும். 28 கேஜ் தாமிர ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. 24 கேஜுக்குச் சுமார் 0.084 ஓம். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும். ஒரு மீட்டர் கேபிளில் மின்சாரம் போக ஒரு மீட்டர், திரும்ப ஒரு மீட்டர். 2 ஆம்பியர் ஓடினால் 28 கேஜில் கிட்டத்தட்ட 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்து, போனுக்கு 4.15 வோல்ட்தான் போய்ச் சேரும். 24 கேஜில் 0.34 வோல்ட் மட்டும் இழப்பு, 4.66 வோல்ட் கிடைக்கும். முதல் கேபிளில் போன் வோல்டேஜ் இறங்குவதைக் கண்டு தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மெல்லிய ஒயர் போட்ட சார்ஜ் கேபிளைவிட 24 கேஜ் மின் ஒயர் உள்ள டேட்டா கேபிள் வேகமாகச் சார்ஜ் செய்யும். டேட்டா ஒயர் இல்லாதது மட்டுமே எந்தக் கேபிளையும் வேகமாக்காது.

டைப்-சி வந்த பிறகு கேள்வி மாறிவிட்டது

இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில், சார்ஜ் பற்றிய பேச்சு டேட்டா ஒயரில் நடப்பதில்லை. அதற்கென்று சிசி என்ற தனி ஒயர் இருக்கிறது. பவர் டெலிவரி முறையில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்ற பேரம் அதில்தான் நடக்கும். 3 ஆம்பியருக்கு மேல் 5 ஆம்பியர் வரை கடத்த வேண்டுமென்றால் கேபிளின் பிளக்குக்குள் ஒரு சிப் இருக்க வேண்டும். விதிப்படி செய்த டைப்-சி கேபிளில் யுஎஸ்பி 2.0 டேட்டா ஒயர்களும் கட்டாயம் இருக்கும்.

அதனால் இங்கே தவறு நடப்பது வேறு விதம். '240 வாட்' என்று பெரிதாக அச்சிட்ட, விரல் தடிமன் கேபிளை வாங்கினால் டேட்டாவும் பறக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்த எண் மின்சாரத்துக்கு மட்டும். ஆப்பிள் விற்கும் 240 வாட் சார்ஜ் கேபிளே யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் டேட்டா கடத்தும். ஐபோன் 15 ப்ரோ நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தைத் தாங்கும்; ஆனால் அதன் பெட்டியில் வரும் கேபிள் யுஎஸ்பி 2.0 கேபிள்தான்.

நடைமுறையில் இது எவ்வளவு வித்தியாசம்? 10 ஜிபி வீடியோ ஒன்றை மாற்ற யுஎஸ்பி 2.0-வில் நொடிக்கு 35 மெகாபைட் வாக்கில் போனால் ஐந்து நிமிடம் நெருங்கும். 5 கிகாபிட் கேபிளில், வட்டும் போனும் ஈடுகொடுத்தால், அரை நிமிடத்துக்குள் முடியும். லேப்டாப்பை மானிட்டரோடு டைப்-சி வழியாக இணைப்பவருக்கு யுஎஸ்பி 2.0 கேபிள் அறவே உதவாது. படம் போகும் அதிவேக ஒயர்கள் அதில் இல்லை. லேப்டாப் சார்ஜ் ஆகும், மானிட்டர் சிக்னல் இல்லை என்று சொல்லும். டைப்-சி வாங்கும்போது பெட்டியில் வாட் எண்ணைப் பார்த்த கையோடு கிகாபிட் எண்ணையும் தேடுங்கள். அது எழுதப்படவில்லை என்றால் யுஎஸ்பி 2.0-வின் 480 மெகாபிட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் கேபிளை எப்படிச் சோதிப்பது

முதலில் கண்ணால். பழைய செவ்வக யுஎஸ்பி பிளக்குக்குள் எட்டிப் பாருங்கள். நான்கு உலோகப் பட்டைகள் இருக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கு, சற்று நீளமானவை. நடுவில் உள்ள இரண்டும் டேட்டாவுக்கு. நடு இரண்டும் இல்லையென்றால் அது சார்ஜ் கேபிள்தான், மேற்கொண்டு சோதனையே வேண்டாம். நான்கும் இருந்தால் மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. பிளக் முழுதாக இருந்தும் ஒயர் இரண்டே இருப்பது சகஜம்.

அடுத்து உறையின்மேல் உள்ள அச்சு. எல்லாக் கேபிளிலும் இருக்காது, இருந்தால் நல்ல சான்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் `28AWG/1P 24AWG/2C` என்பது போல ஒன்று தெரியும். `1P` என்றால் முறுக்கிய ஒரு ஜோடி, அதாவது டேட்டா ஒயர்கள், 28 கேஜில். `2C` என்றால் இரண்டு மின் ஒயர்கள், 24 கேஜில். ஜோடி பற்றிய பேச்சே இல்லாமல் `2C` மட்டும் இருந்தால் அது சார்ஜ் கேபிள். இரண்டாவது எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. கேபிளின் தடிமன், நூல் பின்னிய உறை, யுஎஸ்பி முத்திரை ஆகியவற்றை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

மூன்றாவது, கம்ப்யூட்டரோடு சோதனை. சுவர்ச் சார்ஜரில் சோதிப்பதால் டேட்டா பற்றி எதுவும் தெரியாது. போனின் பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு லேப்டாப்பில் செருகுங்கள். ஆண்ட்ராய்டு போனில் மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்தால், பெரும்பாலான போன்களில் `Charging this device via USB` என்று வரும். அதைத் தட்டி `File transfer` என்று மாற்றிய பிறகுதான் கோப்புகள் தெரியும். இதை மாற்றாமலேயே கேபிள் கெட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் அதிகம். ஐபோன் என்றால் `Trust This Computer?` என்று கேட்கும். மின்னல் குறி மட்டும் வந்து வேறெந்த அறிவிப்பும் வராவிட்டால் கேபிள்மேல் சந்தேகம் வலுக்கிறது. அதை உறுதி செய்ய, நன்றாக வேலை செய்யும் இன்னொரு கேபிளை அதே போர்ட்டில், அதே போனில் செருகிப் பாருங்கள். அதில் அறிவிப்பு வந்தால் முதல் கேபிளில்தான் குறை. அதிலும் வராவிட்டால் போர்ட்டையோ, போனின் ஓட்டையில் அடைந்த தூசியையோ கவனிக்க வேண்டும்.

இப்போது இஎஸ்பி32 போர்டுக்கு வருவோம். அங்கே கேபிளா, டிரைவரா என்ற குழப்பத்தைத் தீர்க்க ஒரு தெளிவான வழி இருக்கிறது. விண்டோஸில் `Device Manager`-ஐத் திறந்து வைத்துக்கொண்டு போர்டைச் செருகுங்கள். பட்டியல் அசையவே இல்லை, சத்தமும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பொருள் வந்ததே தெரியவில்லை. இது பெரும்பாலும் கேபிள் கோளாறு. `Other devices` என்பதன் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு `CP2102 USB to UART Bridge Controller` என்று போர்டின் யுஎஸ்பி சிப்பின் பெயர் வந்தால் கேபிள் நல்லது. டேட்டா ஒயர் வழியாகத்தான் அந்தப் பெயரே வந்து சேர்ந்திருக்கிறது. டிரைவர்தான் இல்லை. மூன்றாவதாக `Unknown USB Device (Device Descriptor Request Failed)` என்று வரலாம். டேட்டா ஒயர் ஏதோ ஒரு வகையில் இருக்கிறது, ஆனால் பேச்சு உடைகிறது என்று அர்த்தம்.

இந்த மூன்று விளைவுகளுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த போர்டிலுள்ள யுஎஸ்பி சிப், செருகிய உடனே டி பிளஸ் ஒயரை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கும். கம்ப்யூட்டருக்கு 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று தெரிவதே அந்த வோல்டேஜ் ஏறுவதை வைத்துத்தான். டி பிளஸ் இல்லையென்றால் அந்தச் செய்தி போகாது, அதனால்தான் பிழைச் செய்திகூட வருவதில்லை. டி பிளஸ் சரியாக இருந்து டி மைனஸ் மட்டும் அறுந்திருந்தால், வந்தது தெரியும், கேள்விக்குப் பதில் வராது. மூன்றாவது செய்தி அப்படியும் வரலாம். மிக நீளமான, தரமில்லாத கேபிளிலும் அது வரும்.

லினக்ஸில் இன்னும் எளிது. கீழே உள்ளதை ஓடவிட்டுவிட்டுப் போர்டைச் செருகுங்கள்:

```
sudo dmesg -w
```

டேட்டா ஒயர் இருந்தால் இதுபோன்ற வரி உடனே விழும். எண்கள் உங்கள் கம்ப்யூட்டரில் வேறாக இருக்கும்:

```
usb 1-2: new full-speed USB device number 7 using xhci_hcd
```

பிறகு `lsusb` கொடுத்தால் பட்டியலில் `10c4:ea60` அல்லது `1a86:7523` தெரியும். முதலாவது CP2102 சிப், இரண்டாவது CH340. போர்டில் எந்தச் சிப் இருக்கிறதோ அதற்கான எண் வந்தால் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். `dmesg`-இல் ஒரு வரிகூட விழாமல் போர்டின் விளக்கு மட்டும் எரிந்தால், வேறு கேபிளை எடுங்கள். அதிவேகக் கேபிளா என்று பார்க்க வேண்டுமென்றால், அதிவேக எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி `lsusb -t` கொடுங்கள். வரியின் கடைசியில் `480M` என்று இருந்தால் இணைப்பு யுஎஸ்பி 2.0 வேகத்தில் நிற்கிறது, `5000M` அல்லது `10000M` என்றால் கேபிளில் அதிவேக ஒயர்கள் இருக்கின்றன.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டர் இல்லாமலேயே பார்க்கலாம். கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, மீட்டரை பீப் ஒலிக்கும் கன்டின்யூட்டி நிலையில் வையுங்கள். செவ்வகப் பிளக்கின் நடுப்பட்டை ஒன்றில் ஒரு முனையை வைத்து, மறுபக்கம் மைக்ரோ பிளக்கின் பின்களை மற்ற முனையால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மீட்டரின் முனை அங்கே தடிமனாக இருக்கும். மெல்லிய ஊசியை அதோடு சேர்த்துப் பிடித்தால் பின் எட்டும். நடுப்பட்டைகள் இரண்டுக்கும் தனித்தனியே ஒரு பின்னில் பீப் கேட்டால் டேட்டா கேபிள். எங்குமே கேட்காமல், மைக்ரோ முனையின் பின்கள் இரண்டு மட்டும் தங்களுக்குள் பீப் கொடுத்தால், முன்னே சொன்னதுபோல் போன் முனையில் இணைத்து வைத்த சார்ஜ் கேபிள் அது. டைப்-சி பிளக்கின் பின்கள் ஊசிக்கும் அகப்படாது. அதற்குக் கேபிள் டெஸ்டர் போர்டு வாங்குவது நல்லது. சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளிலும் இணையத்திலும் கேட்டுப் பாருங்கள். கேபிளின் இரு முனையையும் அதில் செருகினால் இருக்கும் ஒயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு எரியும். விளக்கு எரிவதால் ஒயர் தடிமன் தெரியாது. மெல்லிய ஒயருக்கும் அதே வெளிச்சம்தான்.

எதை வாங்குவது

புதிதாக வாங்குவதானால் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளைத் தேடி வாங்க வேண்டிய தேவை ஏறக்குறைய யாருக்கும் இல்லை. போனுக்கு என்றால், ஒரு மீட்டருக்கு மேற்படாத, 24 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த மின் ஒயர் உள்ள டேட்டா கேபிள் போதும். சார்ஜ், படம் மாற்றல், கார்த் திரை மூன்றும் அதிலேயே நடக்கும். மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளுக்கு அதே வகையில் அரை மீட்டர் கேபிள் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, வேறெதற்கும் எடுக்காமல் வையுங்கள். மானிட்டர் இணைப்பவரும் வெளி எஸ்எஸ்டி வைத்திருப்பவரும்தான் 10 கிகாபிட், 20 கிகாபிட் என்று எழுதிய டைப்-சி கேபிளுக்குக் காசு கொடுக்க வேண்டும். வெறும் சார்ஜுக்காக அதை வாங்குவது வீண் செலவு. அதே காசில் நல்ல யுஎஸ்பி 2.0 கேபிள் இரண்டு வாங்கலாம்.

டிரிம்மரோடும் விளக்கோடும் வந்த இரண்டு ஒயர் கேபிள்களைத் தூக்கிப் போட வேண்டாம். சோதித்த உடனே சிவப்பு இன்சுலேஷன் டேப்பை இரு முனையிலும் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். ஒரு முனையில் மட்டும் ஒட்டினால், செருகியிருக்கும்போது அந்த முனை சாக்கெட்டுப் பக்கம் போய்விடும்.

நேற்றுவரை டேட்டா கடத்திய கேபிள் இன்று சார்ஜ் மட்டும் ஏற்றத் தொடங்கினால் அது வேறு விஷயம். டேட்டா ஒயர்கள் மெல்லியவை. பிளக்கை ஒட்டி மடங்கும் இடத்தில் அவைதான் முதலில் அறும். `dmesg` ஓடும்போது அந்த இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். இணைப்பு வந்து வந்து போனால் ஒயர் அங்கேதான் அறுந்திருக்கிறது. இந்தக் கேபிளுக்குச் சிவப்பு டேப் ஒட்டிச் சார்ஜுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அதே மடிப்பில் மின் ஒயரின் இழைகளும் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும்; மிஞ்சிய சில இழைகளில் 2 ஆம்பியர் ஓடும்போது அந்த இடம் சூடாகும், உறை இளகும், சிவப்பும் கறுப்பும் ஒன்றையொன்று தொடும் வாய்ப்பும் உண்டு. பாதியாக வெட்டி, மின்கழிவோடு போட்டுவிடுங்கள். வெட்டாமல் போட்டால் வீட்டில் வேறு யாராவது எடுத்து மறுபடி சாக்கெட்டில் மாட்டிவிடுவார்கள்.